ரெஸ்யூமில் வேகம் 60, துல்லியம் 99.9, ஒரு நாளைக்கு 500 படிவம் என்று எழுதியிருந்தேன். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள்

கருங்கல்_ஜெபா

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் இரண்டரை ஆண்டுகள் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தேன். அந்த புராஜெக்ட் முடிந்துவிட்டதால் இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குக் காலை ரயிலில் போயிருந்தேன். என் ரெஸ்யூமில் நான்கு வரிகள் இருந்தன: தட்டச்சு வேகம் நிமிடத்துக்கு 60 சொற்கள், துல்லியம் 99.9 சதவீதம், நாளொன்றுக்கு 500 படிவங்கள், தெரிந்த மென்பொருள் எம்.எஸ். ஆபீஸ்.

நேர்காணல் செய்தவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு படிவத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் வரும்?" என்று மட்டும் கேட்டார். ஒரு விசையை ஒரு முறை அழுத்துவதுதான் ஸ்ட்ரோக், ஆனாலும் எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு கையெழுத்துப் படிவங்களின் ஸ்கேன் படத்தைத் திரையில் தந்து பத்து நிமிடம் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். 1,900 ஸ்ட்ரோக், 6 பிழை என்று முடிவு வந்தது. அவர் தாளின் ஓரத்தில் ஏதோ பெருக்கிப் பார்த்துவிட்டு, "நீங்கள் எழுதியிருக்கும் மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் வேறு எதையும் அவர் கேட்கவும் இல்லை.

நான் பொய் எழுதவில்லை. 60 என்பது ஓர் இணையதளச் சோதனையில் எனக்கு உண்மையாகவே வந்த எண். 500 படிவமும் நான் செய்ததுதான். 99.9 என்பதும் அலுவலகத்தில் எங்கள் டீம் லீடர் சொன்னது. இவை ஏன் பொருந்தவில்லை என்பதையும், அடுத்த நேர்காணலுக்கு முன் இந்த வரிகளை எப்படித் திருத்த வேண்டும் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மார்த்தாண்டம்_தட்டச்சு

ஜெபா, நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறவன். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அந்த இணையதள எண்ணை எடுத்துவிடுவது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தேர்வில் ஜூனியர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், சீனியர் என்றால் 45 சொல். நம் நாட்டில் யாரும் மறுக்க முடியாத எண்கள் அவைதாம். ஆங்கிலம் சீனியர் தேறியிருந்தால் அதை மட்டும் எழுதுங்கள், போதும். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 99.9 சதவீதத் துல்லியம் மனிதக் கைக்கு வராது. ஆயிரம் எழுத்துக்கு ஒரு பிழை மட்டும் விடுகிற மாணவரை நான் என் வாழ்நாளில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே பார்த்திருக்கிறேன்.

இரணியல்_ராஜன்

வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றால் தினமும் காலையில் அரை மணி நேரம் விசைப்பலகையைப் பார்க்காமல் பயிற்சி செய்யுங்கள். நான் மூன்று மாதத்தில் 25இலிருந்து 40க்கு வந்தேன். திரையில் விசைகளை மூடிவைக்கும் பயிற்சிச் செயலிகள் நிறைய இருக்கின்றன, வேண்டுமானால் பெயர் சொல்கிறேன்.

வடசேரிக்காரர்

ராஜன் தம்பி, ஜெபா கேட்பது வேகத்தைக் கூட்டுவது பற்றி அல்ல, இருக்கிற வேகத்தை எப்படிச் சரியாக எழுதுவது என்பது பற்றி.

ஜெபா, நான் பதினான்கு ஆண்டுகள் இதே துறையில் இருந்தவன். முதல் ஐந்து ஆண்டுகள் என்ட்ரி, பிறகு ஏற்றியவற்றில் பிழை பார்க்கும் க்யூசி, இப்போது ஆள் எடுக்கும் குழுவிலும் உட்காருகிறேன். அந்த மனிதர் தாளின் ஓரத்தில் என்ன பெருக்கினார் என்பது எனக்குத் தெரியும், நானும் அதையே செய்வேன். அதைச் சொல்வதற்கு முன் உங்களிடமிருந்து நான்கு விவரங்கள் வேண்டும். படிவத்தில் எத்தனை ஃபீல்டு, அவற்றில் என்னென்ன இருந்தன? 60 என்று வந்த சோதனை எத்தனை நிமிடச் சோதனை? 500 படிவம் என்பது ஒவ்வொரு நாளுமா, எப்போதாவது ஒரு நாளா? 99.9 என்று டீம் லீடர் எதைப் பார்த்துச் சொன்னார்?

வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத வேண்டாம், படிவத்தின் வகை மட்டும் போதும். ரெஸ்யூமிலும் அப்படித்தான் எழுத வேண்டும். பழைய வேலையின் ரகசிய ஒப்பந்தத்தை மதிக்காதவர் என்று தெரிந்தாலே பலர் அந்தத் தாளைக் கீழே வைத்துவிடுவார்கள்.

கருங்கல்_ஜெபா

நன்றி அண்ணன். அது மருத்துவக் காப்பீட்டு உறுப்பினர் சேர்க்கைப் படிவம். கையால் நிரப்பியதை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள், திரையின் இடப்பக்கம் படமும் வலப்பக்கம் ஃபீல்டுகளும் இருக்கும். மொத்தம் 22 ஃபீல்டு. பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி, பின்கோடு, கைபேசி எண், பிறந்த தேதி, உறுப்பினர் எண், வாரிசுதாரர் பெயர், படிவத் தேதி ஆகியவை பெரியவை. மற்றவை ஆண் பெண், உறவுமுறை போன்ற ஒன்றிரண்டு எழுத்துக் குறியீடுகள்.

60 வந்தது ஒரு நிமிடச் சோதனையில். சிறிய எழுத்தில் எளிய ஆங்கிலச் சொற்கள் வரும், எண்ணோ பெரிய எழுத்தோ வராது.

500 படிவத்தைப் பற்றி இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒரு மார்ச் மாதக் கடைசியில் இரவு ஒன்பது வரை உட்கார்ந்து முடித்த நாள் அது. சாதாரண நாட்களில் 260, 280 என்ற அளவில்தான் இருக்கும். காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை வேலை. உணவு, தேநீர் இடைவேளை போக ஏழு மணி நேரம் இருக்கையில் இருப்போம்.

துல்லியம் குறித்து: பத்தில் ஒரு படிவத்தை க்யூசி எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மின்னஞ்சல் வரும். என் பெயருக்கு நேரே 15 முதல் 20 பிழைகள் வரை இருக்கும், 18 என்பது வழக்கமாக வரும் எண். கடைசிக் கட்டத்தில் "99.9" என்று போட்டிருக்கும். அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

வடசேரிக்காரர்

இவ்வளவு விவரம் நினைவில் வைத்திருப்பதே நல்லது. முதலில் அளவிலிருந்து தொடங்குவோம். நீங்கள் சொன்ன படிவத்தை நான் ஒரு தாளில் வரைந்து எண்ணிப் பார்த்தேன். பெயருக்கு 16 எழுத்து, தகப்பனார் பெயருக்கு 14, முகவரிக்கு 45, பின்கோடு 6, கைபேசி 10, பிறந்த தேதி 8, உறுப்பினர் எண்ணுக்கு 12 என்று வைத்தேன், வாரிசுதாரர் பெயர் 14, படிவத் தேதி 8. இவை 133. சிறிய ஃபீல்டுகள் எல்லாம் சேர்த்து 15. ஆக 148 எழுத்துகள். ஒவ்வொரு ஃபீல்டிலிருந்தும் அடுத்ததற்குப் போக ஒரு டேப் விசை அழுத்த வேண்டும் அல்லவா, அது 22. எனவே ஒரு படிவத்துக்கு ஏறத்தாழ 170 ஸ்ட்ரோக். உங்கள் உண்மையான படிவம் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கலாம், ஆனால் இந்த அளவில்தான் இருக்கும்.

இப்போது அவர் தாளின் ஓரத்தில் போட்ட பெருக்கலுக்கு வருவோம். 500 படிவம் என்றால் 85,000 ஸ்ட்ரோக். ஏழு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 12,000க்கும் மேல். ஒரு சொல்லுக்கு ஐந்து ஸ்ட்ரோக் என்பது வழக்கமான கணக்கு. அதன்படி நீங்கள் சோதனையில் காட்டிய 1,900 ஸ்ட்ரோக் நிமிடத்துக்கு 38 சொல், மணிக்கு 11,400 ஸ்ட்ரோக். அதாவது உங்கள் ரெஸ்யூம் சொல்வதை நம்பினால், பத்து நிமிடச் சோதனையில் எட்ட முடிந்த வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில், ஒரு படத்தையும் பெரிதாக்கிப் பார்க்காமல், ஒரு எழுத்தைக்கூட நின்று யோசிக்காமல், ஏழு மணி நேரம் தட்டியிருக்க வேண்டும். இது நடக்காது என்பது இந்த வேலை செய்த எவருக்கும் தெரியும். அவர் உங்களைப் பொய்யர் என்று நினைத்திருக்க மாட்டார். உங்கள் வேலையின் அளவு உங்களுக்கே தெரியாது என்று நினைத்திருப்பார்.

சாதாரண நாளின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 270 படிவம், 45,900 ஸ்ட்ரோக், மணிக்கு ஏறத்தாழ 6,550. இது நிமிடத்துக்கு 22 சொல். சோதனையில் 38, வேலையில் 22 என்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கையெழுத்துப் படத்திலிருந்து ஏற்றும் வேலையில், என் குழுவில் நான் பார்த்தவரை, நாள் முழுவதும் நிற்கும் வேகம் சோதனை வேகத்தில் பாதிக்குச் சற்று மேலேதான் இருக்கும். படம் திறக்கும் நேரம், சாய்ந்த கையெழுத்தைப் பெரிதாக்கும் நேரம், 1 என்பதா 7 என்பதா என்று உற்றுப் பார்க்கும் நேரம் எல்லாம் அதில்தான் கழிகின்றன. 38ம் 270ம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அனுபவமுள்ளவர் பார்த்தவுடன் தலையசைப்பார். 60ம் 500ம் இருந்தால் பெருக்கத் தொடங்குவார்.

வேகத்தை எழுதும்போது கால அளவையும் மூலத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு நிமிடச் சோதனை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவது போன்றது. மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு வரும் வேகம்தான் உங்களுடையது. மாஸ்டர் சொன்னதுபோல் இணையதள எண்ணை எடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை.

குழித்துறை_பிரவீன்

வடசேரி அண்ணனின் கணக்கு சரியானதுதான். ஆனால் நடப்பு வேறு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் இரண்டு ஆண்டுகளாகத் திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போய்வருகிறேன், வேலை தேடியபோது ஏறத்தாழ இருபது இடங்களுக்கு ரெஸ்யூம் அனுப்பியிருப்பேன். பல விளம்பரங்களில் "குறைந்தது 40 சொல் வேகம்" என்று போட்டிருப்பார்கள். ரெஸ்யூம்களை முதலில் வடிகட்டுகிறவர் இந்தத் துறையில் வேலை செய்தவர் அல்லர், எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்குகிற ஒரு மனிதவள ஊழியர். 38 என்று எழுதினால் உங்கள் தாள் பெருக்கல் போடத் தெரிந்தவரின் மேசைக்கே போய்ச் சேராது. 36 என்று உண்மையை எழுதிய என் நண்பருக்கு அழைப்பே வரவில்லை, 50 என்று எழுதிய பிறகுதான் வந்தது. ஜெபாவுக்கு 60 என்று எழுதியதால்தானே அந்த நேர்காணலாவது கிடைத்தது?

வடசேரிக்காரர்

பிரவீன், அழைப்பு கிடைத்தது, வேலை கிடைக்கவில்லையே. ரயில் கட்டணமும் ஒரு நாளும் போனதுதான் மிச்சம். இருந்தாலும் நீங்கள் சொல்லும் வடிகட்டல் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு ஒரே வழி அலகை மாற்றி எழுதுவது என்பது என் எண்ணம். "38 சொல்" என்பதைவிட "மணிக்கு 11,400 ஸ்ட்ரோக்" என்று எழுதலாம், அதே உண்மைதான். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் பதவிக்குப் பொதுவாகக் கேட்கப்படும் அளவே மணிக்கு 8,000 விசையழுத்தங்கள்தாம், சொல் கணக்கில் அது 27க்கும் குறைவு. அந்த அளவை அறிந்தவர் 11,400 என்பதைக் குறைவாக நினைக்க மாட்டார்.

இனித் துல்லியம். இதில்தான் ஜெபாவுக்கு உண்மையாகவே அநியாயம் நடந்திருக்கிறது, ஏனென்றால் அந்த 99.9 பொய் அல்ல.

வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 270 படிவம், அதில் பத்தில் ஒன்று 27. ஆக வாரத்துக்கு 162 படிவங்களை க்யூசி பார்த்திருக்கிறார்கள். அவற்றில் 18 பிழைகள். ஒவ்வொரு பிழையும் ஓர் எழுத்துப் பிழை என்றே வைத்துக்கொள்வோம். 162 படிவத்தில் 148 எழுத்து வீதம் ஏறத்தாழ 24,000 எழுத்துகள். 24,000க்கு 18 பிழை என்றால் துல்லியம் 99.92. உங்கள் சனிக்கிழமை மின்னஞ்சலில் வந்த எண் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதே 18 பிழையை ஃபீல்டு கணக்கில் பாருங்கள். 162 படிவத்தில் 22 வீதம் 3,564 ஃபீல்டுகள். அவற்றில் 18 தவறு என்றால் 99.5. படிவக் கணக்கில் பார்த்தால் இன்னும் இறங்கும். 18 பிழைகளும் 15 படிவங்களில் இருந்தன என்று கொண்டால், முழுதும் பிழையற்ற படிவம் 147, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 91. ஒரே ஆள், ஒரே வாரம், ஒரே வேலை, மூன்று எண்கள். மருத்துவக் காப்பீட்டில் உறுப்பினர் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அந்த ஃபீல்டு முழுவதுமே பயனற்றது என்பதால், அந்த வகை வாடிக்கையாளர்கள் ஃபீல்டு கணக்கையே கேட்பார்கள். "99.9" என்று அலகு இல்லாமல் எழுதினால், படிப்பவர் அதை ஃபீல்டு கணக்காக எடுத்துக்கொள்வார். ஆயிரம் ஃபீல்டுக்கு ஒரு பிழை என்பது கையெழுத்துப் படிவத்தில் நம்ப முடியாத எண்ணாகிவிடும்.

மார்த்தாண்டம்_தட்டச்சு

இந்த இடத்தில் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். நான் 99.9 மனிதக் கைக்கு வராது என்று சொன்னது தட்டச்சு இயந்திரத்தை மனத்தில் வைத்து. அதில் அடித்தது அடித்ததுதான், அழிக்க முடியாது. கணினியில் பின்னால் போய்த் திருத்திவிட்டுச் சேமிக்கும்போது கணக்கு மாறுகிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. வேலையில் 99.92 வந்தவருக்கு நேர்காணலில் 1,900க்கு 6 பிழை, அதாவது 99.7 அளவுக்கு இறங்கியது ஏன்? பதற்றம் மட்டுமா?

வடசேரிக்காரர்

நல்ல கேள்வி மாஸ்டர். பதற்றம் ஒரு பங்கு. இன்னொரு பங்கு, வேலைத் திரையே சில பிழைகளைத் தடுத்திருக்கும். கைபேசி எண்ணில் ஒன்பது இலக்கம் மட்டும் அடித்தால் திரை அடுத்த ஃபீல்டுக்கு விடாது, 31-02 என்று தேதி அடித்தால் சிவப்பாக மாறும். அப்படித் தடுக்கப்பட்ட பிழைகள் க்யூசியின் கண்ணில் படுவதே இல்லை. நேர்காணல் சோதனையில் அந்தக் காவல் இருந்திருக்காது. ஆனால் அந்தக் காவலும் ஓர் எல்லைக்குள்தான். நம் மாவட்டத்துப் பின்கோடு 629 என்று தொடங்கும். அதை 692 என்று அடித்தால் ஆறு இலக்கம் சரியாக இருப்பதால் நீளத்தை மட்டும் பார்க்கும் திரை ஏற்றுக்கொள்ளும். க்யூசியில் எனக்கு அதிகம் சிக்கியவை இப்படி இடம் மாறிய இலக்கங்கள்தாம்.

சில புராஜெக்டுகளில் ஒரே படிவத்தை இருவர் தனித்தனியாக ஏற்றுவார்கள். இரண்டையும் மென்பொருள் ஒப்பிட்டு, மாறுபடும் ஃபீல்டை மூன்றாமவருக்கு அனுப்பும். அங்கே கிடைக்கும் துல்லிய எண் பத்தில் ஒன்றைப் பார்த்துச் சொல்வது அல்ல, எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வது. அதனால் மதிப்பு கூடுதல். அப்படி வேலை செய்தவர்கள் அதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

தக்கலை_சுனிதா

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவிட்டு என் நிலையையும் கேட்கலாம் என்று எழுதுகிறேன். நான் ஓர் அண்டியாபீஸில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்றால் முந்திரி ஆலை. தோல் நீக்குகிற அக்காமார் ஒவ்வொருவரின் எடைச் சீட்டும் எனக்கு வரும். ஆள் எண், எடை, ரகக் குறியீடு என்று மூன்று எண்களை எக்செல்லில் ஏற்றுவேன். ஒரு நாளைக்கு 900 சீட்டு. முழுவதும் வலப்பக்க எண் விசைகளில்தான், எழுத்து விசைகளைத் தொடுவதே இல்லை. எனக்கு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கேட்டால் என்ன எழுதுவது? 900 என்பது ஜெபாவின் 270ஐ விடப் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் வேலை அவ்வளவு இல்லை என்பது எனக்கே தெரிகிறது.

வடசேரிக்காரர்

சுனிதா, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. ஆள் எண் 4 இலக்கம், எடை புள்ளியோடு 4 அல்லது 5, ரகம் 1 அல்லது 2, ஒவ்வொன்றுக்கும் ஒரு என்டர். சீட்டுக்கு ஏறத்தாழ 13 ஸ்ட்ரோக். 900 சீட்டு என்றால் 11,700. ஜெபாவின் ஒரு நாள் 45,900. எண்ணிக்கையில் மூன்று மடங்கு, வேலையில் நான்கில் ஒரு பங்கு. எனவேதான் "நாளொன்றுக்கு 900 பதிவு" என்று மட்டும் எழுதுவதில் பொருள் இல்லை. "மூன்று எண் ஃபீல்டுகள் கொண்ட எடைச் சீட்டு 900, இத்தனை மணி நேரத்தில்" என்று எழுதினால் படிப்பவருக்கு உங்கள் கை எப்படி ஓடும் என்பது தெரிந்துவிடும். சொல் கணக்கு உங்களுக்கு வேண்டாம். எண் விசைகளின் வேகத்தை மணிக்கு இத்தனை ஸ்ட்ரோக் என்று தனியாகச் சொல்லுங்கள். ஒரு நாள் நூறு சீட்டை எடுத்து, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துக்கொண்டால் அந்த எண் கிடைத்துவிடும்.

குழித்துறை_பிரவீன்

மென்பொருள் வரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. "எம்.எஸ். ஆபீஸ்" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள்.

வடசேரிக்காரர்

அதனால்தான் அது ஒன்றும் சொல்லாத வரி. நான் ஆள் எடுக்கும்போது ஒரு சிறு சோதனை வைப்பேன். 18 இலக்கப் பாலிசி எண் ஒன்றைக் கொடுத்து, வெறும் எக்செல் தாளில் ஏற்றச் சொல்வேன். பலர் அப்படியே அடித்து என்டர் தட்டுவார்கள், திரையில் 1.23457E+17 போன்ற ஒன்று தெரியும். சிலர் கட்டத்தை அகலமாக்கி எண் வடிவத்துக்கு மாற்றுவார்கள், முழு எண் வந்துவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். ஆனால் கடைசி மூன்று இலக்கங்கள் சுழியாகியிருக்கும், ஏனென்றால் எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். போன இலக்கங்களைத் திரும்ப எடுக்க முடியாது. எண்ணை ஏற்றுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுகிறவர் யாரோ அவர் எக்செல்லில் உண்மையாக வேலை பார்த்தவர். சுழியில் தொடங்கும் எண்களுக்கும் இதுவே கதி, முன்னால் இருக்கும் சுழி மறைந்துவிடும்.

எனவே மென்பொருளின் பெயரோடு அதில் என்ன செய்தீர்கள் என்பதை ஒரு சொற்றொடராக எழுதுங்கள். ஜெபா இரண்டரை ஆண்டு வேலை பார்த்தது படமும் ஃபீல்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் திரையில். அந்த மென்பொருள் அந்த அலுவலகத்தின் சொந்தத் தயாரிப்பாக இருந்து வெளியே யாருக்கும் பெயர் தெரியாவிட்டாலும், "ஸ்கேன் படத்திலிருந்து ஏற்றும் மென்பொருள்" என்று எழுதலாம். எம்.எஸ். ஆபீஸைவிட அது பத்து மடங்கு பேசும்.

மார்த்தாண்டம்_தட்டச்சு

தமிழ்த் தட்டச்சு தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "தமிழ் தட்டச்சு தெரியும்" என்று எழுதினால் போதாது, எந்த விசைப்பலகை என்பதைச் சொல்ல வேண்டும். பயிலகத்தில் படித்தவர்களுக்குப் பழைய தட்டச்சு அமைப்பு கைவரும், மற்றவர்களுக்குத் தமிழ்99 அல்லது ஆங்கில ஒலிப்பு முறை. ஒன்றில் 45 வருகிறவர் இன்னொன்றில் தடுமாறுவார். அதைப் போலவே யூனிகோடா, பழைய எழுத்துருவா என்பதும் முக்கியம். என் மாணவி ஒருவர் பழைய எழுத்துருவில் நூற்றுக்கணக்கான முகவரிகளை ஏற்றிக் கொடுத்தார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தது. அரசுத் தட்டச்சர் பதவிக்குப் போகிறவர்களுக்கு இயக்ககத்தின் தட்டச்சுச் சான்றிதழும் கணினி அலுவலகத் தன்னியக்கச் சான்றிதழும் தேவைப்படும், அந்த வரியை விட்டுவிடாதீர்கள். தனியார் வேலைக்கும் சான்றிதழ் வரி இருக்கட்டும் என்றே இப்போதும் சொல்வேன், ஆனால் அது மட்டும் போதும் என்று சொன்னது அவசரம்தான்.

கருங்கல்_ஜெபா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை பழைய கையெழுத்துப் படிவங்களைப் போல என் தம்பியை எழுதச் சொல்லி, அதைக் கைபேசியில் படம் எடுத்துத் திரையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிட அளவில் மூன்று முறை தட்டச்சு செய்தேன். 37, 39, 38 என்று வந்தது. நேர்காணலில் வந்த 38 என் உண்மையான வேகம்தான் என்பது இப்போது புரிகிறது. வரிகளை இப்படி மாற்றியிருக்கிறேன்:

தட்டச்சு வேகம்: மணிக்கு 11,400 ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 38 சொல், கையெழுத்து மூலத்திலிருந்து, 10 நிமிடச் சோதனை.

நாளாந்த அளவு: 22 ஃபீல்டுகள் கொண்ட காப்பீட்டுச் சேர்க்கைப் படிவம், 7 மணி நேரத்தில் சராசரி 270, ஒரு படிவத்துக்கு ஏறத்தாழ 170 ஸ்ட்ரோக்.

துல்லியம்: ஃபீல்டு கணக்கில் 99.5 சதவீதம், பத்தில் ஒரு படிவத்தைச் சோதித்த வாராந்தர க்யூசி அறிக்கைப்படி.

மென்பொருள்: ஸ்கேன் படத்திலிருந்து ஏற்றும் மென்பொருள், இரண்டரை ஆண்டுகள், எக்செல், நீண்ட எண்களை டெக்ஸ்ட் வடிவத்தில் ஏற்றுதல், தேதி வடிவம் சரிபார்த்தல்.

எக்செல் வரியில் உள்ளதை நேற்றுதான் செய்து பார்த்தேன் என்பதால் அதை எழுதலாமா என்று ஒரு தயக்கம் இருக்கிறது. 500 படிவம் முடித்த நாளைத் தனியாகக் குறிப்பிடலாமா என்பதும் தெரியவில்லை.

வடசேரிக்காரர்

ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் எக்செல்லில் அந்த வேலையைச் செய்துவிட்டு எழுதுங்கள், அதற்கு முன் வேண்டாம். 500ஐ "மாதக் கடைசியில் கூடுதல் நேரத்துடன் ஒரு நாள் அதிகபட்சம்" என்று எழுதலாம், ஆனால் எத்தனை மணி நேரம் என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்பது முதல் ஒன்பது வரை என்றாலும் இடைவேளை போக அதிகம் போனால் பதினொரு மணி நேரம். 85,000ஐ அதனால் வகுத்தால் மணிக்கு 7,700க்கும் மேல் வருகிறது. அன்று பழகிய ஊர், பழகிய முகவரிகள் கொண்ட கட்டாக இருந்திருந்தால் நடக்கக்கூடியது. அப்படித்தான் இருந்ததா?

கருங்கல்_ஜெபா

ஆம் அண்ணன். அன்று வந்தவை ஏறத்தாழ எல்லாமே ஒரே ஊர்ப் படிவங்கள், முகவரியின் கடைசி இரண்டு வரிகளையும் பின்கோடையும் நகல் எடுத்து ஒட்டினோம்.

வடசேரிக்காரர்

அப்படியானால் ஒரு படிவத்துக்கு 170 ஸ்ட்ரோக் என்ற கணக்கு அன்றைக்குப் பொருந்தாது. அந்த 500ஐ எழுதாமல் விடுங்கள்.

குழித்துறை_பிரவீன்

நான் இப்போதும் விடுவதற்கு உடன்படவில்லை. 500 இருந்தால்தான் அழைப்பு வரும், விளக்கத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம். ஜெபா, முடிந்தால் இரண்டு விதமாகவும் ஐந்து ஐந்து இடங்களுக்கு அனுப்பிப் பார்த்து, எதற்கு அழைப்பு வந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.

தக்கலை_சுனிதா

இன்று நூறு சீட்டை நேரம் குறித்து ஏற்றினேன். பதினொரு நிமிடம் ஆனது. 1,300 ஸ்ட்ரோக், அதாவது மணிக்கு ஏறத்தாழ 7,100. இரண்டு எடையில் புள்ளி விட்டுப்போயிருந்தது: 12.4 கிலோ 124 ஆகியிருந்தது. அதைச் சம்பளக் கணக்குக்குப் போகும் முன் கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன். துல்லிய வரியில் திருத்துவதற்கு முன் இருந்ததை எழுதுவதா, திருத்திய பின் உள்ளதையா, வடசேரி அண்ணன்?